பழைய ரீலின் வேகமும் நிறமும்

எட்டு மில்லிமீட்டர் ரீலைப் புரொஜெக்டரில் ஓட்டி, சுவரில் விழும் படத்தைச் செல்போனில் அப்படியே பதிவு செய்தால் மூன்று குறைகள் நிச்சயம் தெரியும். படம் விட்டுவிட்டுத் துடிக்கும். மனிதர்களின் நடை எங்கோ சரியில்லாமல் இருக்கும். எல்லார் முகத்திலும் செம்மஞ்சளோ கருஞ்சிவப்போ படிந்திருக்கும். பார்ப்பவர்கள் "பழைய படம், அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை படச்சுருளின் குறைகளே அல்ல. பதிவு செய்தவரின் கேமராவும் புரொஜெக்டரும் ஒத்துப்போகாததால் வந்தவை. படத்துக்கே உரிய குறை எது, நாம் சேர்த்த குறை எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இதை ஒரு ரீலை வைத்தே சொல்கிறேன். தேனிப் பக்கத்து ஊர் ஒன்றில், தெரிந்த குடும்பத்தின் அலமாரியில் இருந்த ஐம்பதடிச் சுருள் அது. 1970களில் சிங்கப்பூரில் வேலை பார்த்த உறவினர் விடுமுறைக்கு வந்தபோது எடுத்தது. புதுமனை புகுவிழா, வாசலில் நிற்கும் பெரியவர்கள், தோட்டத்துக் கிணற்றில் குதிக்கும் பையன்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றியும் வைத்திருந்தார்கள். அந்த டிவிடியைப் பார்த்த வீட்டுப் பாட்டி சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இதில் இறக்கியது: "எங்க மாமனாரு இப்படி விறுவிறுன்னு நடக்க மாட்டாரு தம்பி. ஒரு காலை லேசா இழுத்துத்தான் நடப்பாரு."

முதலில் கையில் இருப்பது எந்த வகை ரீல் என்று தெரிய வேண்டும். எட்டு மில்லிமீட்டரில் இரண்டு வகை உண்டு. கோடாக் 1932இல் கொண்டுவந்தது ஸ்டாண்டர்ட் எட்டு. பதினாறு மில்லிமீட்டர் அகலச் சுருளைக் கேமராவில் ஒரு முறை ஓட்டி, திருப்பிப் போட்டு மறுபாதியிலும் எடுத்து, கழுவியபின் நடுவே கிழித்து ஒட்டுவார்கள். 1965இல் வந்தது சூப்பர் எட்டு. இதற்குப் பெட்டி வடிவக் கார்ட்ரிட்ஜ். திருப்பிப் போடும் வேலை இல்லை. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே பிரித்துவிடலாம். ஸ்டாண்டர்ட் எட்டில் ஓரத்துளை பெரிதாக, இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள கோட்டை ஒட்டி இருக்கும். சூப்பர் எட்டில் துளை சிறியது, ஒவ்வொரு படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும். துளையைச் சிறிதாக்கியதால் மிச்சமான இடத்தைப் படத்துக்குக் கொடுத்தார்கள். புரொஜெக்டர் இரண்டையும் ஓட்டக்கூடியதாக இருந்தாலும் சரியான வகைக்கு மாற்றி வைக்காமல் ஓட்டினால் துளைகள் கிழியும்.

வகை தெரிந்தால் வேகமும் தெரியும். ஸ்டாண்டர்ட் எட்டுக்கு நொடிக்கு 16 படம், சூப்பர் எட்டுக்கு 18 படம் என்பது வழக்கம். சில சூப்பர் எட்டு கேமராக்களில், குறிப்பாக 1973க்குப் பிறகு வந்த ஒலிப்பதிவு வகையில், 24 வைத்தும் எடுத்திருப்பார்கள். நம் தேனி ரீல் சூப்பர் எட்டு, ஒலி கிடையாது.

ஓட்டுவதற்கு முன் சுருளை மோந்து பார்க்க வேண்டும். புளித்த காடி வாடை வந்தால் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட சுருள் சுருங்கியும் வளைந்தும் போயிருக்கும். துளைகளின் இடைவெளி புரொஜெக்டரின் பல்லோடு பொருந்தாது. அதைப் புரொஜெக்டரில் போடவே கூடாது. பல் இல்லாமல் உருளைகளில் நகர்த்தி ஒவ்வொரு படமாகப் பிடிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வாடை இல்லை என்றால் கையால் மெதுவாகச் சுற்றி, பிரிந்த ஒட்டுகளை ஒட்டுநாடாவால் சரிசெய்து, நூல் உதிராத மென்துணியை மடித்துப் பிடித்து ஒரு முறை உலரத் துடைத்தால் போதும். புரொஜெக்டரின் படவாயிலில் பல வருடத் தூசியும் உதிர்ந்த பசையும் கட்டியாக இருக்கும். அதை மரக்குச்சியாலும் மென்தூரிகையாலும் எடுக்க வேண்டும். உலோகம் பட்டால் விழும் கீறல் அடுத்து ஓடும் ஒவ்வொரு ரீலிலும் ஒரு நீளக் கோடாகப் பதியும். குடும்ப ரீலைப் போடுவதற்கு முன் வேண்டாத ஒரு துண்டு ஃபிலிமை ஓட்டிப் பார்ப்பது நல்லது. படம் நின்றுவிட்டால் உடனே விளக்கை அணைக்க வேண்டும். நூறு வாட் விளக்கின் சூட்டில் நின்ற படம் சில நொடியிலேயே பொசுங்கிக் குமிழியிடும்.

அமைப்பு எளியதுதான். இருட்டறை. சுவருக்குப் பதிலாகப் பளபளப்பில்லாத கெட்டியான வெள்ளைத்தாள். படத்தைப் பெரிதாக்க ஆசைப்படக் கூடாது. ஓர் ஏ-4 தாளின் அகலத்துக்குள் விழுந்தால் வெளிச்சம் செறிவாக இருக்கும், கேமராவின் உணர்திறனை ஏற்றிப் புள்ளிப்புள்ளியாக்க வேண்டியதில்லை. கேமராவை முக்காலியில், புரொஜெக்டர் லென்ஸை ஒட்டினாற்போல் எவ்வளவு நெருங்கி வைக்க முடியுமோ அவ்வளவு நெருங்கி வைக்க வேண்டும். விலகி நின்றால் படம் ஒரு பக்கம் சரிந்த நாற்கரமாகும். பிறகு கேமராவின் தானியங்கி வசதிகள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஃபோகஸ், வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை மூன்றும் கையால் நிறுத்தப்பட்டு அசையாமல் இருக்க வேண்டும். வெளிச்ச அளவைத் தானாகத் தீர்மானிக்க விட்டால், வாசலில் இருந்து வீட்டுக்குள் காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் படம் இருண்டு மெல்ல வெளுக்கும். அதைப் பிறகு கணினியில் சரிசெய்ய முடியாது. ரீலிலேயே மிக வெளிச்சமான காட்சியை ஒரு முறை பார்த்து, அதன் வெண்மை கரைந்து போகாத அளவுக்கு வெளிச்சத்தை வைத்துவிட்டு, அதற்குமேல் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. கேமராவில் மாறுபாட்டைக் குறைக்கும் வழி இருந்தால் குறைத்துவிடலாம். திரையில் போட்டுப் பார்க்கவே செய்த ஃபிலிம் ஆதலால் அதன் இருளுக்கும் ஒளிக்கும் இடையே உள்ள தூரம் வீடியோ கேமராவுக்கு அதிகம்.

இப்போது துடிப்புக்கு வருவோம்.

புரொஜெக்டர் படத்தைத் தொடர்ச்சியாகக் காட்டுவதில்லை. ஒரு படம் வாயிலில் நிற்கும், அடுத்ததை இழுக்கும்போது சுழலும் தகடு ஒளியை மறைக்கும். நொடிக்கு 18 முறை மட்டும் வெளிச்சம் மறைந்தால் நம் கண்ணுக்கே அது துடிப்பாகத் தெரியும். எனவே தகட்டுக்கு மூன்று இதழ்கள் வைத்தார்கள். ஒரே படம் நிற்கும்போதே ஒளி மூன்று முறை வெட்டப்படுகிறது. 18 படத்துக்கு நொடிக்கு 54 மின்னல். கண்ணுக்கு அது போதும், கேமராவுக்குப் போதாது. நம் ஊர் வீடியோ வழக்கப்படி கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஐம்பதில் ஒரு பங்கு நொடி திறந்திருக்கிறது என்று வைப்போம். 50 மின்னல் வந்தால் ஒவ்வொரு வீடியோ படத்துக்கும் சரியாக ஒரு முழு மின்னலின் வெளிச்சம் கிடைக்கும். 54 வந்தால் ஒரு படத்துக்குக் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும். கால் நீளம் சற்றே வேறுபட்ட இருவர் சேர்ந்து நடக்கும்போது அடிகள் ஒன்றாக விழுவதும் விலகுவதுமாக இருப்பதைப் போல, வெளிச்சம் நொடிக்கு நான்கு முறை கூடிக் குறையும். 54க்கும் 50க்கும் உள்ள வித்தியாசமே அந்த நான்கு.

ஆகவே புரொஜெக்டரை 50 மின்னலுக்குக் கொண்டுவர வேண்டும். ஐம்பதை மூன்றால் வகுத்தால் 16⅔. நொடிக்கு 16⅔ படம் ஓடும்படி வேகத்தைக் குறைத்தால் துடிப்பு நின்றுவிடும். புரொஜெக்டரில் அப்படி ஓர் எண் எழுதியிருக்காது. ஆனால் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஃபிலிம் போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு, கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டே திருகைக் குறைக்க வேண்டும். நொடிக்கு நான்காக இருந்த துடிப்பு மூன்றாகும், இரண்டாகும், பிறகு அலை போல மெதுவாக ஏறி இறங்கும், ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும். அதையும் தாண்டிப் போனால் மறுபடி துடிக்கத் தொடங்கும். ஃபிலிம் ஏறியதும் மோட்டாருக்குச் சுமை கூடிச் சற்றுத் தளரும்; அப்போது ஒரு முறை நுட்பமாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பழைய மோட்டார் சூடேற ஐந்து நிமிடமாவது ஓடவிட்ட பிறகு இதைச் செய்தால் நிலைத்து நிற்கும்.

எல்லா புரொஜெக்டரிலும் மூன்று இதழ் இருப்பதில்லை. 24 படத்துக்கு என்றே செய்தவற்றில் இரண்டு இதழ் இருக்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, படத்தைக் கையால் நகர்த்தும் குமிழைத் திருகி, ஒரு படம் நகர்வதற்குள் தகடு எத்தனை முறை வாயிலை மறைக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். கேமரா நொடிக்கு 30 படம் மட்டுமே எடுக்கும் என்றால் கணக்கு 60 மின்னலுக்கு மாறும். மூன்று இதழுக்குப் புரொஜெக்டர் 20 படத்தில் ஓட வேண்டும். பெரும்பாலான செல்போன்கள் தாமாக விட்டால் இந்த 30தான் எடுக்கின்றன, அதுவும் வெளிச்சத்துக்குத் தக்கபடி வேகம் முன்பின்னாக. நொடிக்கு 25, திறப்பு நேரம் ஐம்பதில் ஒரு பங்கு என்று நிலையாகப் பூட்டிவைக்கும் செயலி இல்லாமல் செல்போனில் இந்த வேலையைத் தொடங்குவது வீண்.

துடிப்பை நிறுத்துவதற்காக வேகத்தை மாற்றினோம். எனவே பதிவான படம் இப்போது மெதுவாக இருக்கிறது. 18 படத்துக்கு எடுத்ததை 16⅔இல் ஓட்டியிருக்கிறோம். இதைத் திருப்புவது மிகவும் சுலபம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. புரொஜெக்டரும் கேமராவும் 16⅔க்கும் 25க்கும் பொருந்திவிட்டதால், இரண்டு ஃபிலிம் படத்துக்குச் சரியாக மூன்று வீடியோ படம் என்ற விகிதம் கிடைத்திருக்கிறது. இந்த ஒன்றரை என்ற விகிதத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஃபிலிம் நொடிக்கு 18 என்றால் வீடியோ நொடிக்கு 27 ஓட வேண்டும். ஃபிலிம் 16 என்றால் வீடியோ 24. எந்தப் படத்தையும் நீக்கவோ புதிதாகச் செய்யவோ வேண்டாம். அதே படங்களை நொடிக்கு 27 என்ற கணக்கில் ஓடு என்று கோப்புக்குச் சொன்னால் போதும். இலவசமாகக் கிடைக்கும் `ffmpeg` நிரலில் இது ஒரே வரி:

```
ffmpeg -r 27 -i reel.mp4 -an -c:v libx264 -crf 16 reel_18.mp4
```

ஸ்டாண்டர்ட் எட்டு ரீலுக்கு அந்த 27ஐ 24 ஆக்கினால் சரி. நடுவில் உள்ள `-an` ஒலியை நீக்குகிறது. பதிவில் கேட்பது புரொஜெக்டரின் கடகட சத்தம் மட்டும்தான்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. சூப்பர் எட்டில் ஓர் அடிக்கு 72 படம். ஐம்பது அடிக்கு 3600. நொடிக்கு 18 என்றால் 200 நொடி, அதாவது 3 நிமிடம் 20 நொடி. வெட்டப்படாத முழு ரீல் ஒன்று திருத்தியபின் இந்த நேரத்துக்கு மிக அருகில் வர வேண்டும். தேனிக் குடும்பத்து டிவிடி 2 நிமிடம் 24 நொடியில் முடிந்துபோனது. 3600ஐ 25ஆல் வகுத்தால் 144 நொடி. கடைக்காரர் செய்தது என்ன என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு படமாகப் பிடித்துவிட்டு, டிவிடிக்கு வழக்கமான 25இல் அப்படியே அடுக்கிவிட்டார். கிட்டத்தட்ட நாற்பது சதவீத வேகம் கூடிவிட்டது. காலை இழுத்து நடந்த பெரியவர் விறுவிறுவென்று நடந்தது அதனால்தான். திருத்திய படத்தைப் போட்டுக் காட்டியபோது பாட்டி அவர் நடையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற மற்றவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆனால் 18 என்பது கேமராவில் எழுதிய எண். உள்ளே மோட்டார் உண்மையில் எவ்வளவு ஓடியது என்பது வேறு. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1963 நவம்பர் 22இல் டல்லஸ் நகரில் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் சப்ரூடர் என்பவர் பெல் அண்டு ஹவல் கேமராவில் எடுத்தார். அது ஸ்டாண்டர்ட் எட்டு. வழக்கப்படி 16 என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ அந்தக் கேமராவையே வாங்கிச் சோதித்தபோது சராசரி வேகம் நொடிக்கு 18.3 என்று வந்தது. 486 படங்கள் 26.6 நொடி. 16 என்று வைத்திருந்தால் 30 நொடியைத் தாண்டியிருக்கும். குண்டுகளுக்கு இடையே எத்தனை நொடி என்ற விவாதமே அந்த எண்ணின்மேல்தான் நின்றது. சாவி கொடுத்து ஓடும் சுருள்வில் கேமராவில் வில் தளரும்போது வேகம் இன்னும் மாறும்.

நம் வீட்டு ரீலை எடுத்த கேமரா பெரும்பாலும் கைக்குக் கிடைக்காது. ஆனால் ரீலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் கிடைக்கலாம். தானாக விழும் எந்தப் பொருளும் ஒரே கணக்கில்தான் விழும்: ஏறத்தாழ 1.2 மீட்டர் விழ அரை நொடி, 4.9 மீட்டர் விழ ஒரு நொடி. தேனி ரீலில் கிணற்றுக் காட்சி இதற்கு வாகாக அமைந்தது. எம்பிக் குதித்தவர்களை விட்டுவிட்டு, மேட்டில் இருந்து அப்படியே காலை எடுத்து வைத்து இறங்கிய பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். சுவரில் நின்றவர்களை வைத்துப் பார்த்தால் தண்ணீர் மட்டம் மூன்று ஆள் ஆழத்தில், ஐந்து மீட்டர் கிட்ட இருந்தது. கால் கல்லை விட்டதில் இருந்து தண்ணீரைத் தொடும்வரை வீடியோவில் 26 படம். மூன்றுக்கு இரண்டு என்று எடுத்தால் ஃபிலிமில் 17 சொச்சம். ஒரு நொடிக்கு 17 சொச்சம் என்பது 18க்குப் பக்கம். உயரத்தை நான் ஐந்தில் ஒரு பங்கு தப்பாக மதிப்பிட்டிருந்தாலும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் பிழை வரும். எனவே 18ஆ 24ஆ என்ற சந்தேகத்தை இந்தக் கணக்கு உறுதியாகத் தீர்க்கும். 16ஆ 18ஆ என்பதைத் தீர்க்காது. அதற்கு ரீலின் வகையும் வீட்டுப் பெரியவர்களின் கண்ணும்தான் துணை.

இந்த முறையின் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு ஃபிலிம் படத்தை மூன்று வீடியோ படமாகப் பிடிக்கும்போது, மூன்றில் ஒன்றில் பெரும்பாலும் இரண்டு படமும் கலந்து விழும். வேகமாகக் கை வீசுபவருக்கு அந்த ஒரு படத்தில் மங்கலாக நான்கு கை இருக்கும். ஓடும் வீடியோவில் இது கண்ணை உறுத்தாது. நிறுத்திப் பார்த்தாலோ, ஒரு முகத்தைப் புகைப்படமாக எடுக்க முயன்றாலோ தெரியும். கலந்ததை மட்டும் பொறுக்கி நீக்கலாம் என்றால், பழைய மோட்டார் கேமராவோடு பூட்டப்படாமல் தன்போக்கில் ஓடுவதால் கலப்பு விழும் இடம் நொடிக்கணக்கில் நழுவிக்கொண்டே இருக்கும். கையால் துண்டு துண்டாகச் செய்ய வேண்டிவரும். இது வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே வழி, ஒவ்வொரு படத்தையும் நிறுத்திப் பிடிக்கும் ஸ்கேனர்.

நிறத்துக்கு வருகிறேன். இதில்தான் பொறுமையின்றிப் பலர் படத்தைக் கெடுக்கிறார்கள்.

பதிவில் தெரியும் நிறச்சாய்வில் இரண்டு கலந்திருக்கின்றன. ஒன்று புரொஜெக்டர் விளக்கின் மஞ்சள். இன்னொன்று ஃபிலிமின் சொந்த நிறமாற்றம். முன்னதைப் பதிவுக்கு முன்பே முழுமையாக நீக்கிவிடலாம். ஃபிலிம் போடாமல் விளக்கை மட்டும் அதே தாளில் விழவிட்டு, அந்த வெளிச்சத்தையே வெள்ளை என்று கேமராவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கையால் வெள்ளைச் சமநிலை வைக்கும் வசதி உள்ள எந்தக் கேமராவிலும் இது ஒரு நிமிட வேலை. விளக்கின் மஞ்சளோடு தாளின் சாயலும் இதில் கழிந்துவிடும். இதற்குப் பிறகு மிச்சம் தெரிவது முழுக்க ஃபிலிமுடையது. கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை இயங்கினால் அது காட்சிக்குக் காட்சி தன் விருப்பப்படி நிறத்தை மாற்றும். எது எதனுடையது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

ஃபிலிமின் நிறம் மூன்று சாயங்களால் ஆனது. மஞ்சள், மெஜன்டா எனும் ஊதாச்சிவப்பு, சயான் எனும் நீலப்பச்சை. ஒவ்வொரு சாயமும் ஒரு நிற ஒளியைத் தடுக்கிறது. சயான் சிவப்பொளியைத் தடுக்கும். சூட்டிலும் ஈரத்திலும் வருடக்கணக்காகக் கிடக்கும் பல வகை ஃபிலிம்களில் இந்தச் சயான்தான் முதலில் வெளுக்கிறது. தடுக்க ஆளில்லாமல் சிவப்பு ஒளி வழிந்து வருகிறது. படம் செம்மையேறிப் போவதன் காரணம் இது. கோடாக்கின் கோடாக்குரோம் மட்டும் விதிவிலக்கு. இருட்டில் வைத்தால் அதன் நிறம் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும். சாய்த்துப் பிடித்தால் அதன் பரப்பில் படத்தின் மேடுபள்ளம் புடைத்துத் தெரியும். அதை வைத்து அடையாளம் காணலாம். ஆனால் புரொஜெக்டரின் ஒளியைக் கோடாக்குரோம் தாங்காது, விரைவில் வெளுத்துவிடும். ஆகவே ஒத்திகையெல்லாம் வேறு ஃபிலிமில் செய்துவிட்டு, கோடாக்குரோமை ஒரே ஓட்டத்தில் பதிவு செய்ய வேண்டும்.

தேனி ரீல் கோடாக்குரோம் அல்ல. பெண்களின் கூந்தல் செங்கல் நிறத்தில் இருந்தது. ஆனால் வாசலில் நின்ற பெரியவரின் வேட்டி ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. இந்த வேறுபாடுதான் முக்கியம். படத்தின் வெளிச்சமான இடத்தில் சாயமே குறைவு. வெளுத்துப்போக அங்கே எதுவும் இல்லை. இருண்ட இடத்தில்தான் மூன்று சாயமும் திரண்டிருக்கும். இழப்பும் அங்கேதான் அதிகம். எனவே நிறம் திருத்தும் மென்பொருளில் எல்லாரும் முதலில் கைவைக்கும் குளிர்ச்சி-வெம்மைப் பட்டையை நகர்த்தினால் கூந்தலின் செம்மை குறைவதற்குள் வேட்டி நீலமாகிவிடும். திருத்தத்தை இருளில் இருந்து தொடங்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் கருமை எங்கே தொடங்குகிறது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

எண்களில் பார்ப்போம். ஒவ்வொரு நிறத்தையும் 0 முதல் 255 வரை அளக்கும் வழக்கப்படி, கூந்தலின் இருண்ட இடத்தில் சிவப்பு 70, பச்சை 32, நீலம் 38 இருந்தது. கருப்பு என்றால் மூன்றும் ஒன்றுபோல் தாழ்ந்திருக்க வேண்டும். வேட்டியின் வெளிச்சமான மடிப்பில் 240, 226, 218. இங்கே வித்தியாசம் சிறியது. இரண்டு இடத்தையும் ஒருங்கே சமன் செய்யும்படி ஒவ்வொரு நிறத்தின் கீழ்முனையையும் மேல்முனையையும் வைத்தால் இப்படி வரும். 0 முதல் 255 வரை உள்ள அளவு இங்கே 0 முதல் 1 வரை எழுதப்படுகிறது:

```
ffmpeg -i reel_18.mp4 -vf "colorlevels=rimin=0.22:rimax=0.97:gimin=0.06:gimax=0.92:bimin=0.09:bimax=0.88" -c:v libx264 -crf 16 reel_niram.mp4
```

சிவப்பின் கீழ்முனையைத்தான் மிக உயர்த்தியிருக்கிறோம் என்பது `rimin` எண்ணிலேயே தெரியும். இதற்குப் பிறகு கூந்தலில் மூன்று நிறமும் 19 அளவுக்கும், வேட்டியில் 245 அளவுக்கும் வந்து ஒன்றின. கூந்தல் கறுத்தது, வேட்டி கெடவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் மனிதத்தோலைப் பிறகு கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். வேப்பிலையும் வாழையிலையும் பச்சையாக இருக்கிறதா என்பதும் நல்ல அளவுகோல். நம் ஊர் முகங்களை வெளிறச் செய்யும் அளவுக்குச் சிவப்பைக் குறைப்பதுதான் இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் தவறு. வெயிலில் நின்ற தோலில் கொஞ்சம் வெம்மை இருக்க வேண்டும்.

இந்த எண்களை ரீல் முழுவதற்கும் போட முடியாது. வெயில் காட்சிக்கும் வீட்டுக்குள் எடுத்ததற்கும் வேறுவேறு எண் தேவைப்படும். ஒரே பெட்டியில் இருந்த இரண்டு ரீல்களே வெவ்வேறு அளவு வெளுத்திருக்கும். நிறம் மாறும் இடத்தில் வெட்டி ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்த வேண்டும்.

வெளுப்போடு தொடர்பில்லாத இன்னொரு சாய்வும் உண்டு. சூப்பர் எட்டு வண்ண ஃபிலிம்களில் பெரும்பாலானவை வீட்டு விளக்கொளிக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. வெயிலில் எடுப்பதற்குக் கேமராவுக்குள்ளேயே ஆரஞ்சு வடிகட்டி ஒன்று வைத்திருந்தார்கள். எடுத்தவர் அதை விலக்கிவிட்டு வெயிலில் எடுத்திருந்தால் முழுக் காட்சியும் நீலமாக இருக்கும். தேனி ரீலில் கிணற்றுக் காட்சியின் ஒரு பகுதி அப்படித்தான். இது வேட்டியிலும் தெரியும், கூந்தலிலும் தெரியும். வெளுப்பின் குணத்துக்கு நேர்மாறு. இங்கே கருமையைத் தொட வேண்டாம், சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறைத்தால் பெருமளவு சரியாகும். ஆனால் எடுக்கும்போதே சிவப்பு போதாமல் பதிந்ததால், கூட்டக் கூட்டச் சிவப்பில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் எழும். பாதியிலேயே நிறுத்தி, கொஞ்சம் நீலம் இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். முழுவதும் வெளுத்துப்போன சாயத்துக்கும் இதே விதிதான். இல்லாத நிறத்தை எந்தத் திருத்தமும் ஃபிலிமில் இருந்து எடுத்துத் தராது; மிச்சமிருப்பதைச் சமன் செய்துதரும், அவ்வளவுதான்.

கேமராவில் இருந்து வந்த முதல் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்திருக்க வேண்டும். வேகமும் நிறமும் திருத்தியவை அதன் பிரதிகளாகவே இருக்கட்டும். 18 என்று நினைத்தது 24 என்று பின்னால் தெரிந்தால், முதல் கோப்பு இருந்தால் 27க்குப் பதில் 36 என்று ஒரு எண்ணை மாற்றினால் போதும். ரீலையும் தூக்கிப் போடக் கூடாது. புரொஜெக்டர் வழியாக நாம் எடுத்ததைவிட அதிக விவரம் அந்தச் சுருளில் இன்னும் இருக்கிறது. ரப்பர் வளையம் போடாமல், அழுத்திச் சுற்றாமல், காற்றுப் புழங்கும் டப்பாவில், வீட்டிலேயே குளுமையான உலர்ந்த இடத்தில் வைத்தால் நல்லது. சமையலறைக்கு மேலுள்ள பரணில் வைத்த ரீல்கள்தான் நான் பார்த்தவற்றில் மிக மோசமாகச் சிவந்திருந்தன.